ஏசி அறைச் செடிகளுக்கு ஈரப்பதம் போதுமா? ஹைக்ரோமீட்டரால் அளந்து முடிவெடுக்கும் முறை

கலாத்தியா இலையின் நுனி கருகத் தொடங்கியதும் கிடைக்கிற முதல் யோசனை, "ஈரப்பதம் பத்தலை, கூழாங்கல் தட்டு வையுங்க" என்பதுதான், அதாவது கல்லும் தண்ணீரும் உள்ள தட்டின்மேல் தொட்டியை வைப்பது. அடுத்த யோசனை, காற்றில் ஈரத்தைச் சேர்க்கும் ஹியூமிடிஃபையர் வாங்கச் சொல்லும். அந்த அறையில் இப்போது எவ்வளவு ஈரப்பதம் இருக்கிறது என்று மட்டும் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. காற்றின் ஈரப்பதத்தை அளக்கும் சில நூறு ரூபாய் ஹைக்ரோமீட்டர், சமையலறைத் தராசு, ஒரு பக்கெட், கொஞ்சம் தூள் உப்பு. இவை இருந்தால் உங்கள் அறைக்குத் தட்டு உதவுமா, ஹியூமிடிஃபையர் உதவுமா, இரண்டுமே வேண்டாமா என்று நான்கைந்து நாளில் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

இங்கே எடுத்துக்கொள்வது சென்னை போன்ற கடலோர ஊரில், இரவில் ஏசி ஓடும் ஒரு படுக்கையறை. ஜன்னலோரம் ஒரு கலாத்தியா, ஒரு மெய்டன்ஹேர் ஃபெர்ன், ஒரு மணி பிளான்ட்.

மீட்டர் வாங்கும்போது

நர்சரியில் "மாய்ஸ்சர் மீட்டர்" என்று கேட்டால், மண்ணில் குத்திப் பார்க்கும் கம்பி மீட்டரைத் தந்துவிடுவார்கள். அது மண்ணின் ஈரத்தைக் காட்டுவது, காற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. உங்களுக்கு வேண்டியது காற்றின் ஈரப்பதத்தையும் வெப்பநிலையையும் சேர்த்துக் காட்டும் டிஜிட்டல் மீட்டர். திரையில் %RH என்றோ, துளிப் படத்தோடு ஒரு சதவீதமாகவோ வரும். MAX/MIN பட்டன் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். நடுராத்திரியில் எவ்வளவு இறங்கியது என்பதைத் தூக்கம் கெடாமல் தெரிந்துகொள்ள அது வேண்டும். முள் ஓடும் வட்ட மீட்டர் அழகாக இருக்கும், ஆனால் மலிவான வகைகள் பத்துப் பதினைந்து சதவீதம் தவறாகக் காட்டுவது சகஜம்.

சில மீட்டர்களில் ஒரு நீளமான ஒயரும் நுனியில் சென்சாரும் இருக்கும். அந்த நுனி பெரும்பாலும் வெப்பநிலையை மட்டுமே அளக்கும். ஈரப்பதத்தை அளக்கும் சென்சார் மீட்டரின் உடம்புக்குள், பின்பக்கத் துளைகளுக்குப் பின்னால் இருக்கிறது. ஒயர் நுனியைக் கண்ணாடிப் பெட்டிக்குள் விட்டுவிட்டு, திரையில் தெரியும் சதவீதம் பெட்டிக்குள்ளே உள்ளது என்று நம்பிக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர்.

மலிவான டிஜிட்டல் மீட்டரில் ஐந்து சதவீதம் வரை கூடக்குறைய இருக்கும் என்று டப்பாவிலேயே போட்டிருப்பார்கள். அதாவது 50 காட்டினால் உண்மை 45 ஆகவும் இருக்கலாம், 55 ஆகவும் இருக்கலாம். அதனால்தான் முதல் வேலை மீட்டரைச் சோதிப்பது.

உப்புச் சோதனை

ஈரமான சோடியம் குளோரைடு, மூடிய இடத்தில் தன்னைச் சுற்றியுள்ள காற்றை 75 சதவீத ஈரப்பதத்தில் கொண்டுவந்து நிறுத்தும். காற்று அதைவிட உலர்ந்திருந்தால் தண்ணீரை விடும், அதைவிட ஈரமாக இருந்தால் உறிஞ்சும். 20 டிகிரியிலிருந்து 30 டிகிரி வரை இந்த எண் அரை சதவீதம்கூட மாறாது. மீட்டரைச் சரிபார்க்க வீட்டில் இதைவிட நம்பகமான வழி இல்லை.

1. பிளாஸ்டிக் பாட்டில் மூடி ஒன்றில் தூள் உப்பு நிரப்புங்கள். சின்ன மூடியாக இருந்தால் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள்.
2. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக் கலக்குங்கள். ஒரு மேசைக்கரண்டி உப்புக்கு ஒரு தேக்கரண்டித் தண்ணீருக்கு மேல் வேண்டாம். ஈர மணல் பதத்தில் இருக்க வேண்டும்.
3. காற்றுப் புகாத கண்ணாடி ஜாடியிலோ தடிமனான ஜிப் கவரிலோ மூடியை வைத்து, பக்கத்தில் மீட்டரை வையுங்கள். உப்பு மீட்டர்மேல் படக்கூடாது. பட்டால் சென்சார் கெட்டுவிடும்.
4. வெயிலும் ஏசியும் படாத, வெப்பநிலை அதிகம் மாறாத அலமாரிக்குள் 24 மணி நேரம் விடுங்கள். குறைந்தது 12 மணி நேரமாவது வேண்டும்.
5. திறக்காமல், வெளியிலிருந்தே எண்ணைப் படியுங்கள்.

மீட்டர் 71 காட்டினால் நான்கு குறைவாகக் காட்டுகிறது. "+4" என்று ஒரு டேப்பில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுங்கள். இனி எந்த எண்ணைப் படித்தாலும் நான்கைக் கூட்டிக்கொள்ள வேண்டும். வித்தியாசம் எட்டு, பத்து என்று வந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். 75-இல் அவ்வளவு தவறும் மீட்டர், 40-இல் எவ்வளவு தவறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சோதனை கெட்டுப்போவது பெரும்பாலும் தண்ணீர் அதிகமாவதால். உப்பு முழுக்கக் கரைந்து தெளிந்த நீராகிவிட்டால் எண் 75-க்கு மேலே போகும். மூடியில் கரையாத உப்பும் தெரிய வேண்டும், ஈரமும் தெரிய வேண்டும். இன்னொன்று, இதற்குக் கல் உப்பு ஆகாது. அதில் கொஞ்சம் மெக்னீசியம் குளோரைடு கலந்திருக்கும். அது காற்று ஓரளவு உலர்ந்திருக்கும்போதே ஈரத்தை இழுக்கும் சரக்கு, அதனால் எண் 75-க்குக் கீழே இறங்கிவிடும். அடைமழைக் காலத்தில் கல் உப்பு ஜாடி முதலில் நீர் விடுவதும், தூள் உப்பு கொஞ்சம் தாக்குப்பிடிப்பதும் இந்த வித்தியாசத்தால்தான்.

எங்கே வைப்பது, எப்போது பார்ப்பது

செடியின் இலை இருக்கும் உயரத்தில், தொட்டியிலிருந்து ஒரு அடி தள்ளி வையுங்கள். மண்ணுக்கு மேலேயே வைத்தால் மண்ணிலிருந்து எழும் ஆவியை அளப்பீர்கள். ஏசி காற்று நேராக அடிக்கும் இடமும், வெயில் படும் ஜன்னல் விளிம்பும் கூடாது. வெயில் பட்டு மீட்டர் நான்கு டிகிரி சூடானால், காற்றில் ஒரு துளிகூடக் குறையாமலே ஈரப்பதம் பத்து சதவீதத்துக்கு மேல் இறங்கினது போலக் காட்டும்.

இடம் மாற்றியதும் வரும் முதல் எண்ணை நம்ப வேண்டாம், அரை மணி நேரம் விடுங்கள். கையில் எடுத்துப் பார்த்தால் உங்கள் கைச்சூடும் மூச்சும் சேர்ந்து எண்ணை மாற்றிவிடும். எட்ட நின்றே படியுங்கள்.

மூன்று நாளுக்குக் காலை ஆறு மணி, பிற்பகல் இரண்டு மணி, ஏசி போட்டு இரண்டு மணி நேரம் கழித்து என்று குறித்துக்கொண்டு வாருங்கள். ஈரப்பதத்தோடு வெப்பநிலையையும் கட்டாயம் எழுதுங்கள். அது இல்லாத ஈரப்பதக் குறிப்பால் பயனில்லை. காரணம் அடுத்த பகுதியில் இருக்கிறது.

ஏசி ஓடும்போது எண் அலைபாயும். கம்ப்ரசர் ஓடும்போது இறங்கும். கம்ப்ரசர் நின்று மின்விசிறி மட்டும் சுற்றும்போது, ஏசிக்குள் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் மறுபடி ஆவியாகி எண்ணைச் சில சதவீதம் ஏற்றும். இது மீட்டரின் கோளாறு அல்ல. ஒரு மணி நேரத்தில் நான்கு முறை படித்துச் சராசரி எடுத்தால் போதும்.

எண் சொல்வது பாதிதான்

மீட்டர் காட்டுவது ஒப்பு ஈரப்பதம். இந்த வெப்பநிலையில் காற்று அதிகபட்சம் எவ்வளவு நீராவியைத் தாங்குமோ, அதில் இப்போது எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதே அது. அந்த அதிகபட்சம் வெப்பநிலையோடு வேகமாக ஏறும். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் சுமார் 17 கிராம் தாங்கும், 24-இல் 22, 28-இல் 27, 32-இல் 34, 36-இல் 42 கிராம். இந்த ஐந்து எண்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாக் கணக்குக்கும் இவையே போதும்.

செடியைப் பாதிப்பது சதவீதம் அல்ல, காற்றின் தாகம். அதாவது இன்னும் எத்தனை கிராம் குடிக்க அந்தக் காற்றில் இடம் இருக்கிறது என்பது. ஏசி அறை 24 டிகிரி, 50 சதவீதம் என்றால், 22 கிராம் கொள்ளும் காற்றில் 11 இருக்கிறது, இன்னும் 11 கிராமுக்கு இடமிருக்கிறது. அதே வீட்டின் பால்கனியில் பிற்பகலில் 36 டிகிரி, 60 சதவீதம். கொள்வது 42, இருப்பது 25, மீதி இடம் 17 கிராம். மீட்டரைப் பார்த்தால் பால்கனிதான் ஈரமான இடம். ஆனால் இலையிலிருந்து தண்ணீரை அதிகம் இழுப்பதும் பால்கனிதான். "வெளியே 60 இருக்கு, உள்ளே 50 தான், செடி காயுது" என்கிற கணக்கு இங்கே தலைகீழாகிவிடுகிறது.

ஏசி அறை 50-க்கு அருகில் வந்து நிற்பதற்கும் காரணம் இருக்கிறது. ஏசியின் காயில் ஏறக்குறைய 12 டிகிரிக்குக் குளிர்ந்திருக்கும். அந்தக் குளிரில் காற்று கன மீட்டருக்குச் சுமார் 11 கிராமுக்கு மேல் தாங்காது, மிச்சம் தண்ணீராக வடிந்து குழாய் வழியே வெளியே போய்விடும். அந்தக் காற்று அறையில் மறுபடி 24 டிகிரிக்கு வரும்போது 22-க்கு 11, அதாவது ஐம்பது. கடலோர ஊர்களில் ஏசி அறை 45-க்கும் 60-க்கும் நடுவே இருப்பது இதனால்தான். உங்கள் மீட்டர் 25, 30 என்று காட்டினால் அறையைச் சந்தேகிக்கும் முன் மீட்டரைச் சந்தேகியுங்கள், உப்புச் சோதனையை மறுபடி செய்யுங்கள்.

மணி பிளான்ட், ஸ்னேக் பிளான்ட், அக்லோனிமா போன்றவற்றுக்கு 40 சதவீதமே போதும், அவற்றுக்காக ஒன்றும் வாங்க வேண்டியதில்லை. கலாத்தியா 50-இல் பெரும்பாலும் சமாளிக்கும். மெய்டன்ஹேர் ஃபெர்னுக்குத்தான் 60-க்கு மேல் தேவை. அதுவும் மண் ஒரு நாள் காய்ந்துவிட்டால், 80 சதவீதம் இருந்தாலும் அதைக் காப்பாற்ற முடியாது.

கூழாங்கல் தட்டைத் தராசில் வையுங்கள்

தட்டிலிருந்து தண்ணீர் ஆவியாகிறது என்பது உண்மை. எவ்வளவு ஆவியாகிறது, அது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி. முதல் கேள்விக்குத் தராசே பதில் சொல்லும். 30-க்கு 20 செ.மீ. தட்டில் கூழாங்கல் பரப்பி, கல்லின் மேல்மட்டத்துக்கு அரை செ.மீ. கீழே வரை தண்ணீர் விடுங்கள். தொட்டியை எடுத்துவிட்டு, இரவு ஒன்பதுக்குத் தட்டை மட்டும் எடை பாருங்கள். காலை ஏழு மணிக்கு மறுபடி எடை பாருங்கள். இரவு 1,640 கிராம், காலையில் 1,605 கிராம் என்று வந்தது என வைத்துக்கொள்வோம். பத்து மணி நேரத்தில் 35 கிராம், மணிக்கு 3.5 கிராம். இந்த அளவுத் தட்டில், அசையாத குளிர்ந்த காற்றில், இதற்குப் பக்கத்தில்தான் வரும். கல் நீர்ப்பரப்பில் பாதிக்கு மேல் மறைத்துவிடுவதும் ஒரு காரணம்.

இனி அறைக் கணக்கு. 12-க்கு 10 அடி, உயரம் 10 அடி என்றால் 1,200 கன அடி, அதாவது 34 கன மீட்டர். கதவை மூடினாலும் இடுக்குகள் வழியே காற்று மாறிக்கொண்டே இருக்கும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை முழுக்க மாறுகிறது என்று கொண்டால், மணிக்கு 17 கன மீட்டர் புதுக்காற்று உள்ளே வருகிறது. தட்டு தரும் 3.5 கிராமை 17-ஆல் வகுத்தால் கன மீட்டருக்கு 0.2 கிராம். 24 டிகிரியில் 22 கிராம் கொள்ளும் காற்றில் அது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஐந்து சதவீதம் பிழை உள்ள மீட்டரில் அது தெரியவே தெரியாது.

இன்னொரு பக்கமிருந்து பாருங்கள். சென்னை இரவில் வெளியே 28 டிகிரி, 80 சதவீதம் என்றால், கன மீட்டருக்கு 22 கிராம் நீராவி. உள்ளே 11. கதவிடுக்கில் நுழையும் 17 கன மீட்டர் காற்று, அறையில் இருக்கும் காற்றைவிட மணிக்குச் சுமார் 185 கிராம் அதிகத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. தூங்குகிறவர்களின் மூச்சும் வியர்வையும் ஆளுக்கு மணிக்கு முப்பது, நாற்பது கிராம் சேர்க்கும். இவ்வளவையும் ஏசி பிழிந்து வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. இந்தப் போட்டியில் தட்டின் 3.5 கிராம் என்ன செய்துவிடும்?

"அறைக்கு வேண்டாம், செடியைச் சுற்றி மட்டும் ஈரம் இருந்தால் போதுமே" என்பது நியாயமான கேள்வி. அதையும் அளக்கலாம். ஒரே இடத்தில் அருகருகே வைத்து ஒத்துப் பார்த்த இரண்டு மீட்டர்கள் வேண்டும். ஒன்றைக் கல்லுக்கு இரண்டு விரற்கடை மேலே தொங்கவிடுங்கள், இன்னொன்றை இலை உயரத்தில், தட்டுக்கு ஒன்றேகால் அடி மேலே வையுங்கள். கல்லுக்கு மேலே சில சதவீதம் ஏறியிருக்கும். இலை உயரத்தில் அறையின் எண்ணே இருக்கும். நீராவி தட்டுக்கு மேல் தூணாக நிற்காது, மின்விசிறியோ ஏசியோ அசைக்கும் காற்றில் உடனே கலைந்துவிடும். போதாததற்கு, தட்டுக்கும் இலைக்கும் நடுவில் தொட்டியே உட்கார்ந்திருக்கிறது.

ஆக, தட்டு ஒழுகும் தண்ணீரைப் பிடிக்கும், தரையில் கறை படாமல் காக்கும், வேர் தண்ணீரில் நிற்காமல் தொட்டியைத் தூக்கிப் பிடிக்கும். அதற்காக வைத்துக்கொள்ளலாம். ஈரப்பதத்துக்காக வேண்டாம். நம் ஊரில் அதற்கு ஒரு விலையும் உண்டு. டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட இப்படிப்பட்ட தட்டே போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும், கல்லிடுக்கில் புழு நெளிவதும் கண்ணில் படாது. வாரம் ஒருமுறை தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது. முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். கல்லையும் தட்டையும் நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும்.

இலைமேல் ஸ்பிரே அடிப்பதைப் பற்றி ஒரு வரி போதும்: மீட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அடித்துப் பாருங்கள், எண் ஏறி, கொஞ்ச நேரத்திலேயே பழைய இடத்துக்கு இறங்கிவிடும்.

ஹியூமிடிஃபையர்: எண் ஏறும், ஆனால்

மேசையில் வைக்கும் இரண்டு, மூன்று லிட்டர் ஹியூமிடிஃபையர் மணிக்கு 200 முதல் 300 மி.லி. வரை விடும். தட்டைப் போல எழுபது மடங்கு. யுஎஸ்பியில் ஓடும் கோப்பை அளவுச் சாதனங்கள் மணிக்கு 30, 40 மி.லி.யைத் தாண்டாது. அவை பொம்மைதான்.

250 மி.லி. வகையை எடுத்துக்கொள்வோம். ஏசி இல்லாமல், கதவு ஜன்னல் மூடிய அதே அறையில் 250 கிராமை 17-ஆல் வகுத்தால் கன மீட்டருக்குக் கிட்டத்தட்ட 15 கிராம். மெத்தையும் திரைச்சீலையும் சுவரும் முதலில் கொஞ்சம் உறிஞ்சும், பிறகு எண் 80-ஐத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். பீரோவுக்குப் பின்னால் பூஞ்சை பிடிப்பது இப்படித்தான். ஜன்னலைத் திறந்து வைத்தால் நேர் எதிர். காற்று மணிக்கு ஐந்து முறை மாறும் அறையில் அதே 250 கிராம் 170 கன மீட்டருக்குப் பங்காகி, ஒன்றரை கிராம்தான் சேர்க்கும். 28 டிகிரியில் அது ஐந்து சதவீதம். காசு காற்றோடு போகும்.

ஏசி ஓடும்போது நடப்பது இந்த இரண்டுக்கும் நடுவில். அதைப் பார்க்கத்தான் பக்கெட். ஏசியின் வடிகால் குழாய் நுனியில் பக்கெட்டை வைத்து, ஒரு மணி நேரத்தில் சேரும் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். ஏசி போட்ட முதல் மணி நேரத்தை விட்டுவிடுங்கள், அப்போது அறையில் தேங்கியிருந்த புழுக்கமெல்லாம் சேர்ந்து வரும். அடுத்த நாள் அதே நேரம், அதே வெப்பநிலையில், ஹியூமிடிஃபையரை ஓடவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். முதல் நாள் 280 மி.லி., இரண்டாம் நாள் 430 மி.லி. என்றால், நீங்கள் ஊற்றிய 250-இல் 150 மி.லி. பக்கெட்டுக்கு வந்துவிட்டது. மீதிக்கான பலன் மீட்டரில் தெரியும். 50-இலிருந்து 60-க்கு ஏறியிருந்தால் ஃபெர்ன் வைத்திருப்பவருக்கு அது பயனுள்ள பத்து சதவீதம். 50-இலிருந்து 53 என்றால் ஏசிக்குத் தண்ணீர் ஊட்டுகிறீர்கள், அவ்வளவுதான். வைக்கும் இடமும் முக்கியம். ஏசியின் வாய்க்கு நேரே வைத்தால் பனிமூட்டம் ஆவியானதும் நேராகக் காயிலுக்குப் போகும். மீட்டரை மூட்டத்திலேயே நிறுத்தினால் 90 காட்டும், அதையும் நம்பாதீர்கள். மீட்டருக்கும் ஹியூமிடிஃபையருக்கும் நடுவே மூன்றடியாவது இருக்கட்டும்.

இதைவிடப் பெரிய பிரச்சினை, எந்தத் தண்ணீரை ஊற்றுகிறீர்கள் என்பது. சந்தையில் அதிகம் விற்பது அல்ட்ராசோனிக் வகை. அது தண்ணீரைக் கொதிக்க வைப்பதில்லை, நுண்துளிகளாக உடைத்து வீசுகிறது. துளி காய்ந்ததும் அதிலிருந்த உப்பும் சுண்ணாம்பும் தூசியாகக் காற்றில் நிற்கும். டி.டி.எஸ். 1,000 உள்ள போர்வெல் தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. இரவுக்கு இரண்டு லிட்டர் ஓடினால் இரண்டு கிராம் தூள், மூடிய படுக்கையறையில். டிவி திரையில் படியும் வெள்ளைப் பொடி அதுதான், மூச்சிலும் அதுவே போகிறது. ஆர்.ஓ. தண்ணீர், டி.டி.எஸ். 50 என்றால், 0.1 கிராமாகக் குறைந்துவிடும். ஏசியிலிருந்து வடியும் தண்ணீரில் உப்பு இல்லைதான், ஆனால் காயிலின் அழுக்கும் கிருமியும் கலந்தது. அதைச் செடிக்கு ஊற்றலாம், ஹியூமிடிஃபையரில் ஊற்றக்கூடாது. தொட்டியில் நேற்றைய தண்ணீர்மேல் இன்று நிரப்புவதும் தப்பு. தினமும் கொட்டிக் கழுவி, வாரம் ஒருமுறை வினிகர் கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்துச் சுரண்டாமல் துடையுங்கள். உள்ளே கைக்கு வழவழப்பாகத் தட்டினால் கிருமிப்படலம் கட்டிவிட்டது என்று அர்த்தம்.

மதுரை, திருச்சி பக்கம் சித்திரை வெயிலில் கதை வேறு. பிற்பகலில் ஈரப்பதம் 30, 40-க்கு இறங்கும்போது காற்றின் தாகம் கன மீட்டருக்கு 25 கிராமைத் தாண்டிவிடும். அங்கே ஏர் கூலர் ஓடும் வீட்டில் ஹியூமிடிஃபையர் தேவையே இல்லை, கூலர் செய்யும் வேலையே அதுதான். மணிக்கு லிட்டர் கணக்கில் தண்ணீரைக் காற்றில் கலக்கிறது, உப்பைத் தன் புல் திண்டிலேயே விட்டுவிடுகிறது. செடியை அதன் நேர்க்காற்றில் வைக்காமல் அறையின் எதிர் மூலையில் வைத்தால் போதும்.

ஹியூமிடிஃபையர் உண்மையிலேயே காசுக்குத் தகுந்த வேலை செய்வது டொரொண்டோ போன்ற ஊர்களின் குளிர்காலத்தில். வெளியே மைனஸ் 10 டிகிரிக் காற்று கன மீட்டருக்கு இரண்டு கிராம் சொச்சம்தான் தாங்கும். அதை ஹீட்டர் 21 டிகிரிக்கு ஏற்றும்போது 18 கிராம் கொள்ளும் காற்றில் அதே இரண்டு கிராம். சமையலும் குளியலும் சேர்த்தும் வீடு 20, 25 சதவீதத்தில் கிடக்கும். ஈரத்தைப் பிடுங்க அங்கே ஏசியும் ஓடுவதில்லை. ஆனால் 40-க்கு மேல் ஏற்றினால் ஜன்னல் கண்ணாடியில் தண்ணீர் கோர்த்து மரச்சட்டம் ஊறும். அதனால் அங்கேயும் மெய்டன்ஹேர் ஃபெர்னுக்கு அறை முழுவதையும் ஈரமாக்குவது வழியல்ல.

சின்னக் காற்று, சின்னச் செலவு

தட்டு தோற்பது தண்ணீர் குறைவு என்பதால் மட்டுமல்ல, காற்று நிற்காமல் மாறிக்கொண்டே இருப்பதால். காற்றை அடைத்துவிட்டால் கணக்கு புரண்டுவிடும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடிக்குச் சற்று மேல் உயரமுள்ள பழைய மீன்தொட்டி 65 லிட்டர் கொள்ளும். அதற்குள் 24 டிகிரியில் 50 சதவீதத்தை 80 ஆக்க வேண்டிய தண்ணீர் 0.43 கிராம். எட்டு, ஒன்பது சொட்டு. ஈர மண்ணே அதைத் தந்துவிடும், தட்டும் வேண்டாம், மின்சாரமும் வேண்டாம்.

ஃபெர்னைத் தொட்டியோடு உள்ளே இறக்கி, மேலே கண்ணாடியை ஒரு விரல் இடைவெளி விட்டு மூடி, மீட்டரை இலை உயரத்தில் ஒட்டுங்கள். முழு மீட்டரும் உள்ளே இருக்கட்டும், ஒயர் நுனி மட்டுமல்ல. 70-க்கும் 85-க்கும் நடுவில் நின்றால் சரி. நாள் முழுக்கக் கண்ணாடியில் முத்து முத்தாகத் தண்ணீர் நின்று, எண் 95-ஐ விட்டு இறங்காவிட்டால் இடைவெளியை இரண்டு விரலாக்குங்கள், இல்லாவிட்டால் இலையில் பூஞ்சை வரும். நேர் வெயில் மட்டும் படவே கூடாது. மூடிய கண்ணாடிக்குள் அரை மணி நேர வெயிலே செடியை வேகவைத்துவிடும். ஃபெர்ன் வளர்ந்து மீன்தொட்டி போதாமல் போனால், பெரிய ஒளிபுகும் பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்து மூடினாலும் இதே வேலை நடக்கும்.

மீட்டர் 50-க்கு மேல் காட்டியும் நுனி கருகினால்

அப்போது ஈரப்பதத்தை விட்டுவிட்டு இலையைப் பாருங்கள். வறண்ட காற்றின் அடையாளம் புது இலையில் தெரியும்: சுருள் விரியாமல் ஒட்டிக்கொள்ளும், பிரியும்போது கிழியும். புது இலை நன்றாக விரிந்து, பழைய இலைகளின் நுனியும் ஓரமும் மட்டும் கருகினால், பெரும்பாலும் தண்ணீரில் உள்ள உப்பு. மண்மேல் வெள்ளைப் படலம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். தொட்டியின் கொள்ளளவைப் போல மூன்று மடங்கு மழைநீரோ ஆர்.ஓ. தண்ணீரோ மெதுவாக ஊற்றி, அடித்துளை வழியே முழுக்க வடியவிடுங்கள். இனி வழக்கமாக ஊற்றவும் அதையே பயன்படுத்துங்கள். ஏற்கெனவே கருகிய நுனி பச்சையாகாது. அடுத்து வரும் இரண்டு மூன்று இலைகளைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், அதற்கு ஒன்றிரண்டு மாதம் ஆகும்.

ஒரு பக்கத்து இலைகள் மட்டும் காய்ந்தால், அந்தப் பக்கம் ஏசி இருக்கிறதா என்று பாருங்கள். இலையை ஒட்டி ஒரு மெல்லிய ஈரக்காற்றுப் படலம் எப்போதும் இருக்கும், நேராக அடிக்கும் காற்று அதைத் துடைத்துக்கொண்டே போகும். 60 சதவீத அறையிலும் இது நடக்கும். செடி இருக்கும் இடத்தில் ஒரு டிஷ்யூ பேப்பர் கீற்றைத் தொங்கவிடுங்கள். அது ஆடினால் செடியை நான்கடி நகர்த்துங்கள், அல்லது ஏசியின் மடலைக் கூரைப் பக்கம் திருப்புங்கள்.